தாயான தோழிக்கு வாழ்த்து மடல்

அன்புள்ள செல்விக்கு,

நேற்று மாலை உன் கணவர் தொலைபேசியில் அழைத்து, பெண் குழந்தை பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம் என்று சொன்னபோது மகிழ்ச்சியில் எனக்குப் பேச்சே எழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்த பிறகுதான் மனம் ஒரு நிலைக்கு வந்தது. உங்கள் இருவருக்கும் என் நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.

கல்லூரி விடுதியில் நான் காய்ச்சலில் கிடந்த இரவுகளில் கண்விழித்து என் அருகில் உட்கார்ந்திருந்தவள் நீ. அந்த அன்பு முழுவதும் இனி அந்தச் சின்னஞ்சிறு உயிருக்குக் கிடைக்கப்போகிறது என்று நினைக்கும்போது, உன் மகள் எவ்வளவு கொடுத்து வைத்தவள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பேத்தியை மடியில் ஏந்தியிருக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தையும் வாழ்த்தையும் சொல்.

இம்மடலுக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. குழந்தையைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆவல் உண்டு. எனினும், அது ஒரு வாரத்திலோ சில மாதங்களிலோ, உனக்கு எப்போது வசதிப்படுகிறதோ அப்போது ஒரு வார்த்தை சொன்னால், திருநெல்வேலிக்குப் புறப்பட்டு வருகிறேன். அவளுக்காக வாங்கிய பருத்திச் சட்டைகளை நாளை தபாலில் அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
கவிதா