வழக்கிலிருந்து விலகுவது குறித்த அறிவிப்பு

பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையுடன்

சு. மாலதி, பி.ஏ., பி.எல்.,
வழக்கறிஞர்,
கச்சேரிமேடு, கோபிசெட்டிபாளையம்.

3.7.2025

பெறுநர்:
திரு. ந. பழனிசாமி,
வாய்க்கால் தோட்டம், கூகலூர்.

பொருள்: கோபிசெட்டிபாளையம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அசல் வழக்கு எண் 112/2022. வண்டித்தட வழக்கில் கட்டணப் பாக்கி, வக்காலத்திலிருந்து விலகல்.

அன்புள்ள பழனிசாமி அண்ணாவுக்கு,

வணக்கம். மூன்று வருடமாக நடத்திய வழக்கு இது. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மனசே வரவில்லை. ஆனால் இதற்கு மேல் தள்ளிப்போட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்பதால் எழுதுகிறேன்.

வழக்குப் போடும்போது மொத்தக் கட்டணம் 60,000 ரூபாய் என்றும், அதை மூன்று தவணையாகத் தருவது என்றும் பேசினோம்: தாவா தாக்கலில் 20,000, சாட்சி விசாரணை ஆரம்பிக்கும்போது 20,000, வாதத்தின்போது 20,000. முதல் தவணை வந்தது. உங்கள் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டன. இரண்டாம் தவணை இன்னும் வரவில்லை. கமிஷனருக்கான கூடுதல் தொகை, சான்று நகல் செலவு என்று நான் கையிலிருந்து கட்டிய 6,400 ரூபாயும் நிற்கிறது. ஆக பாக்கி 26,400 ரூபாய். மூன்றாம் தவணைக்கான வேலையை நான் செய்யவில்லை, அதனால் அதைக் கேட்கவும் இல்லை.

மார்ச்சில் போனில் கேட்டேன், "மஞ்சள் போட்டதும் குடுத்தர்றனுங்" என்றீர்கள். ஏப்ரல் 22ஆம் தேதி கடிதம் போட்டேன். மே முழுக்கக் கோடை விடுமுறை, நானும் பேசவில்லை. ஜூனில் நான்கு முறை கூப்பிட்டும் நீங்கள் எடுக்கவில்லை. விளைச்சலுக்கு விலை கிடைக்காத வருடம் என்றால் அதை நேரில் வந்து சொல்லியிருக்கலாம் அண்ணா, தவணையை மாற்றியிருப்பேன். பதிலே இல்லாததுதான் பிரச்சினை. அடுத்த சாட்சி யார் என்றுகூட உங்களிடம் கேட்க முடியாமல் வழக்கை எப்படி நடத்துவது?

ஆகவே ஜூலை 31ஆம் தேதிவரை நான்கு வாரம் அவகாசம் தருகிறேன். அதற்குள் பாக்கியைக் கட்டுங்கள். முடியாவிட்டால் நேரில் வந்து ஒரு ஏற்பாடு சொல்லுங்கள். பாதியாவது இப்போது, மீதி அடுத்த வெள்ளாமையில் என்றாலும் சரி, வழக்கைத் தொடர்கிறேன். இரண்டும் நடக்கவில்லை என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வக்காலத்திலிருந்து விலக அனுமதி கேட்டு மனு போடுவேன். அதன் நகல் உங்களுக்கும் வரும். நீதிமன்றம் அனுமதிக்கும்வரை நான்தான் உங்கள் வழக்கறிஞர். அதுவரை எந்த வாய்தாவையும் விடமாட்டேன்.

அடுத்த வாய்தா ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. அன்று உங்கள் தரப்பு இரண்டாம் சாட்சி. நான் விலகி, புது வழக்கறிஞரும் வராமல், நீங்களும் வராமல் இருந்தால் வழக்கு தள்ளுபடியாகிவிடலாம். அப்படி ஆனால் தடத்தை மறிக்கக் கூடாது என்று வாங்கிய இடைக்காலத் தடை உத்தரவும் அதோடு போய்விடும். மறுநாளே எதிர்த்தரப்பு கல் நட்டுக் கம்பி கட்டலாம். வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப்போட 30 நாள்தான் உண்டு. தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வழக்குக் கட்டு முழுவதையும் கேட்ட அன்றே தந்துவிடுவேன். கட்டணப் பாக்கிக்காக வழக்கறிஞர் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாகப்பிரிவினைப் பத்திரமும் பழைய கிஸ்தி ரசீதுகளும் சான்றாவணமாகக் குறியீடு ஆகி நீதிமன்றத்தில் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை: புலப்பட நகல், சிட்டா, கமிஷனர் அறிக்கையும் வரைபடமும், உங்கள் சாட்சிய நகல், நான் எழுதிவைத்த வாதக் குறிப்பு. புது வழக்கறிஞருக்கு ஆட்சேபனை இல்லை என்று வக்காலத்தில் எழுதித் தருவேன். பாக்கியைக் கட்டினால்தான் எழுதுவேன் என்று சொல்லமாட்டேன்.

கையில் பணமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. இரண்டாம் வாதி உங்கள் அம்மா. பெண்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஆதாரும் தாவா நகலும் கொடுத்து மனு எழுதினால் போதும். அம்மாவின் விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்.

புது வழக்கறிஞரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். கமிஷனர் வந்த அன்று, தடப்பள்ளி வாய்க்கால் கரையில் அம்மா குச்சியை ஊன்றிக்கொண்டே நடந்து போய், களை மூடிக் கிடந்த வேப்பமரத்து அடிக்கட்டையைக் காட்டினார்கள். தடம் அதை ஒட்டித்தான் திரும்புகிறது. கமிஷனர் வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு அதற்கு ஆட்சேபனை எதுவும் போடவில்லை. வழக்கில் நமக்கு இருக்கும் பெரிய பலம் அது.

அலுவலகத்தில் மாலை 6 மணி முதல் 8 மணிவரை இருப்பேன். ஞாயிறு காலையிலும் வரலாம். அம்மாவுக்கும் இந்தக் கடிதத்தின் நகலைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சு. மாலதி,
வாதிகள் தரப்பு வழக்கறிஞர்.