ஒன்பது வாட் விளக்கு

கீழமாசி வீதியில் கதிரேசன் வேலை பார்க்கும் காப்பித்தூள் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் கொஞ்சம் நடையைத் தளர்த்துவார்கள். கொட்டை வறுபடும்போது எழும் மணம் அப்படி. பிளான்டேஷனும் பீபெரியும் கலந்து, நூற்றுக்கு இருபது சிக்கரி சேர்த்து அரைத்துக் கொடுப்பதில் அவனுக்குப் பதினோரு வருடப் பழக்கம். அந்த வாசனை அவன் சட்டையில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், வண்டிச் சாவியில்கூட இருக்கும். கல்யாணமான புதிதில் அமுதா, "கூட்டத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் உங்களைப் பிடித்துவிடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவன் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

விஷயம் அவனுக்குத் தெரிந்ததுதான். பத்து நாளைக்கு முன்னால் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு வந்ததை இருவருமாகத்தான் பார்த்தார்கள். தெற்குவாசலில் அல்வா வாங்கி வந்து, யாருக்கும் சொல்லாமல் இருவரே தின்றார்கள். வாந்தி வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். காலையில் ஒரு தடவை வரும், வாயைக் கொப்பளித்துவிட்டு வெட்கத்தோடு சிரிப்பாள், மாங்காய் கேட்பாள் என்று நினைத்திருந்தான். ஆண்பிள்ளைகள் பலருக்கும் மசக்கையைப் பற்றிய படிப்பு அந்த அளவில்தான் இருக்கிறது.

மறுநாள் கடையில் சந்தன சோப்பு போட்டு நன்றாகக் குளித்துவிட்டுப் போனான். சந்தனத்துக்கு அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

"என்ன செய்கிறது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பாள். ராத்திரி எட்டு மணிக்கே சாய்ந்துவிடுவாள். அவன் சாப்பிட்ட தட்டு விடியும்வரை காய்ந்து கிடக்கும். அவனுக்கு அது உறுத்தியது. மேலூர்ப் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னான்.

"மசக்கைதானே ஐயா. நான் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடலைக்காட்டில் களை எடுத்தேன்" என்றாள் அம்மா.

அதை அப்படியே கொண்டுபோய் அமுதாவிடம் சொன்னான். இதைவிடப் பெரிய தவறு ஒன்றை அந்த மாதத்தில் அவன் செய்யவில்லை. அவள் கோபப்படவில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். கழுவும்போது இரண்டு முறை குமட்டியது அவனுக்குக் கேட்டது.

இன்னொன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. நடுராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்து குளியலறைக்குப் போகிறாள். போகும்போது மறக்காமல் போனை எடுத்துப் போகிறாள். அங்கே டியூப்லைட் கெட்டுப்போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. ஜீரோ வாட் விளக்கு ஒன்று மட்டும் அரிசிப்பானைக்குள் விழுந்த நிலா மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த இருட்டில் போய்ப் போனில் என்ன பார்க்கிறாள்?

"குளியலறைக்குள் எதற்குப் போன்? அக்காவோடு பேச்சா?"

"ஒன்றுமில்லை" என்றாள்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அமுதா வேலைக்குக் கிளம்பிய பிறகு மேசையில் அவள் சாப்பாட்டு டப்பா இருந்தது. திருப்பரங்குன்றத்தில் ஒரு பள்ளியில் அவள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வில்லாபுரத்திலிருந்து பெரியார் நிலையம், அங்கிருந்து இன்னொரு பஸ். கதிரேசன் டப்பாவை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். பழங்காநத்தம் நிறுத்தத்தில் பருத்திப்பால் தள்ளுவண்டிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், தெரிந்த புடவை ஒன்று குந்தியிருந்தது. தள்ளுவண்டிக்கார அம்மா ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மறுகையில் தண்ணீர்ச் செம்பு.

அவன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினான். அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கை ஒரு முறை உறிஞ்சினாள்.

"காப்பிக் கடைத் தம்பி நீங்கள்தானா?"

"ஆமாம்."

"கொஞ்சம் காற்றுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். இப்போதுதான் அடங்கியிருக்கிறது."

அவன் அந்தப் பக்கம் நின்றான். அமுதா வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மா கொடுத்த சுக்குத் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். உள்ளங்கையில் ஒரு கைக்குட்டை. வாயில் ஊறிக்கொண்டே இருக்கும் எச்சிலைத் துப்புவதற்காம். அப்படியும் ஒன்று உண்டு என்று அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"மூன்று வாரமாக இதுதான். பஸ்ஸில் டீசல் நாற்றம் ஏறினால் இங்கே இறங்கிவிடும் பிள்ளை. கக்கிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும். பொம்பிளைகளுக்கு டிக்கெட் இல்லாமல் விட்டிருக்கிறார்களே, நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இறங்கி ஏறுவதற்கே சம்பளம் சரியாகிவிடும்" என்றாள் அந்த அம்மா.

மூன்று வாரம். பெயர் தெரியாத ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று அவன் கடைக்குத் தாமதமாகப் போனான். அவளை வண்டியில் ஏற்றி, மெதுவாக, காற்று அவள் பக்கமிருந்து அவன் பக்கம் வீசுகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டு ஓட்டினான். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பள்ளியில் யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால் ஆறு பீரியடும் நின்றுகொண்டே பாடம். பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாக்களைத் திறக்கும் நேரம் மட்டும் வராந்தாவுக்குப் போய்விடுவாள். தூக்கம் என்றால் தூக்கமில்லை, உடம்பை யாரோ தரையோடு சேர்த்துப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. நீராகாரமும் உப்பு நார்த்தங்காயும் மட்டும் வயிற்றில் நிற்கின்றன. ஒரு மதியம் அரை நாள் விடுப்பு எடுத்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாகப் போய் வரிசையில் நின்று பதிவு செய்திருக்கிறாள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தால்தான் அரசு உதவித்தொகைக்கு நல்லது என்று செவிலியர் சொன்னாராம். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும் போலிக் அமில மாத்திரையும் வாங்கி வந்துவிட்டாள்.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கடலைக்காட்டில் இருந்தீர்கள்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் கடையின் பின்பக்கக் குழாயில் வாசனையில்லாத பச்சைப்பயற்று மாவு போட்டுக் குளித்தான். காப்பி படிந்த சட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வேறு சட்டையில் வீட்டுக்குப் போனான். வீட்டில் பில்டரைக் கவிழ்த்து வைத்தான். காலைக் காப்பி கடையில்தான். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மூன்று பெண்கள்.

அம்மாவுக்கு மறுபடியும் போன் செய்தான். "அந்தக் கடலைக்காட்டில் உனக்கு வாந்தி இல்லையா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "வரப்போரம் போய் எடுத்துவிட்டு வருவேன். மண்ணை அள்ளி மூடிவிடுவேன். உன் அப்பா கேட்டதில்லை. நீ எதற்குக் கேட்கிறாய்?"

இத்தனையும் தெரிந்துகொண்டதில் கதிரேசனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தான்.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. குளியலறைக் கதவின் அடியில் வெள்ளையாக ஒரு கீற்று வெளிச்சம். அசையாத வெளிச்சம். நெடுநேரம் அது அப்படியே இருந்தது.

"அமுதா?"

"இங்கே வாருங்கள்."

அந்தக் குரலை அவன் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறான்.

துணியில் பழுப்பாக ஒரு கறை. ஐந்து ரூபாய் நாணயம் அளவு. அவள் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். போனின் டார்ச் வெளிச்சம் துணியின் மேல் விழுந்திருந்தது. அழவில்லை. அவன்தான் என்ன செய்வதென்று தெரியாமல் வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டான், பிறகு மூடினான்.

விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணிக்கு ஆட்டோ. எட்டரைக்கு டாக்டர் அம்மா வந்தார்.

"எப்போது பார்த்தாய்?"

"ராத்திரி இரண்டு மணிக்கு, டாக்டர்."

"அதற்கு முன்னால்?"

"பன்னிரண்டே காலுக்குப் பார்த்தேன். அப்போது இல்லை. பத்து மணிக்கும் இல்லை." அமுதா நிறுத்தினாள். "போகும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன், டாக்டர். அங்கே வெளிச்சம் இல்லை. டார்ச் அடித்துத்தான் பார்ப்பேன். போன தடவை இருட்டில் சரியாகத் தெரியவில்லை. தண்ணீர் என்று நினைத்துவிட்டேன். காலையில்தான் பார்த்தேன்."

கதிரேசன் டாக்டரின் மேசையில் இருந்த பேனாக்களை எண்ணினான். ஐந்து. போன தடவை என்றால் பத்தாவது வாரம். அவனைப் பொறுத்தவரை அது ஒரு வாரம் லீவு, ஒரு மருந்துச் சீட்டு, 'அடுத்த தடவை சரியாகிவிடும்' என்று நாலு பேர் சொன்னது. முடிந்துபோனதாகக் கணக்கு எழுதி மூடிவிட்டிருந்தான். அவள் மூடவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அதே அறைக்குள் போய், அதே இடத்தில் நின்று, விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தூள் நிறுத்துப் பழகிய புத்தி கேட்காமலே பெருக்கியது. முப்பது நாள் என்றே வைத்துக்கொண்டாலும் முந்நூறுக்கு மேல்.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. திரையில் நெல்லிக்காய் அளவுகூட இல்லாத ஒன்று. அதற்குள் ஒரு புள்ளி படபடவென்று துடித்தது.

"நிமிடத்துக்கு 172. இந்த வாரத்தில் அப்படித்தான் இருக்கும், குதிரை ஓட்டம்" என்றார் டாக்டர். முதல் மூன்று மாதத்தில் லேசாகப் படுவது பலருக்கும் உண்டு. கறை பழுப்பாக இருப்பதால் பெரும்பாலும் பழைய ரத்தமாக இருக்கும். ஒரு வாரம் பஸ் வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். சிவப்பாகப் பட்டாலோ வயிறு சுருட்டி வலித்தாலோ எந்நேரமானாலும் வந்துவிட வேண்டும். வாந்திக்கு ராத்திரியில் போட ஒரு மாத்திரை எழுதினார். "இதை முன்னாலேயே கேட்டிருக்கலாமே, அம்மா. பொறுத்துக்கொண்டிருந்ததற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை."

வெளியே வந்ததும் கதிரேசன் பள்ளித் தலைமை ஆசிரியைக்குத் தானே போன் செய்தான். மூன்று மாதம் ஆகவில்லை என்று அமுதா முணுமுணுத்தாள். ஆனால் தடுக்கவில்லை.

அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டுத் தெரு முனையில் இருந்த மின்சாமான் கடைக்குப் போனான்.

"ஒன்பது வாட் எல்இடி ஒன்று."

"வெள்ளையா, மஞ்சளா?"

"எதில் நிறம் மாறாமல் தெரியும்?"

கடைக்காரர் அவனைப் புரியாமல் பார்த்தார். "ஜவுளிக் கடைக்கா?"

"வீட்டுக்குத்தான். சிவப்பு சிவப்பாகவும், பழுப்பு பழுப்பாகவும் தெரிய வேண்டும்."

இரண்டு மூன்று விளக்குகளைப் போட்டு, கடையில் கிடந்த சிவப்பு ஒயர்த் துண்டைக் கீழே பிடித்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டான். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பழைய ஜீரோ வாட்டைக் கழற்றியபோது எட்டு மாதத் தூசி கண்ணில் விழுந்தது. சுவிட்சைத் தட்டினான். தரையில் உடைந்த ஓடு, மூலையில் இருந்த பாசி, வாளியின் விரிசல், எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன.

சத்தம் கேட்டு அமுதா எழுந்து வந்தாள். வாசற்படியில் நின்று வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் ஸ்டூலைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றான். உள்ளே தண்ணீர் ஓடியது. நின்றது. கதவு திறந்தது.

"ஒன்றுமில்லை" என்றாள் அமுதா, அவன் கேட்காமலே.