பொருள்: டிக்கெட் உறுதிப்படுத்தலுக்கு மெசேஜ் கியூ, உங்கள் கருத்து தேவை

எல்லோருக்கும் வணக்கம்,

இப்போது ஒருவர் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காசு கட்டியதும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், பஸ்காரருக்கு அறிவிப்பு, கணக்குப் பதிவு எல்லாமே அந்த ஒரே ரிக்வெஸ்ட்டுக்குள் நடக்கின்றன. எஸ்எம்எஸ் கேட்வே இழுத்தால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். பயணி பொறுமையிழந்து திரும்பவும் காசு கட்டுவார். சித்திரைப் புத்தாண்டு நெரிசலில் இப்படி நடந்தால் மற்றவர்களின் புக்கிங்கும் சேர்ந்து முடங்கும்.

ஆசன ஒதுக்கீடும் பணம் அறவிடுவதும் இப்போது போலவே இருக்கட்டும். மற்ற நான்கையும் ரேபிட்எம்கியூ வழியாக அனுப்பலாம் என்பது என் யோசனை. கேட்வே விழுந்தாலும் புக்கிங் ஓடும், மெசேஜ்கள் வரிசையில் காத்திருக்கும். நெரிசல் நேரத்தில் வொர்க்கர்களை மட்டும் கூட்டினால் போதும்.

ஆனால் இன்று நம்மிடம் இல்லாத கோளாறுகளும் கூடவே வரும். முதலாவது, இரட்டிப்பு. வேலையை முடித்த வொர்க்கர் ஆக் அனுப்புமுன் விழுந்தால் அதே மெசேஜ் மறுபடி வரும். எஸ்எம்எஸ் இரண்டு தரம் போனால் பரவாயில்லை. கணக்கில் இரண்டு தரம் ஏறக் கூடாது. அதனால் கணக்குப் பதிவு நடக்கும் அதே டிரான்சாக்‌ஷனில் முதலில் இதை ஓட்ட வேண்டும்:

```sql
INSERT INTO processed_messages (message_id)
VALUES ($1)
ON CONFLICT DO NOTHING;
```

ஒரு வரியும் சேரவில்லையென்றால் அது பழைய மெசேஜ், விட்டுவிடலாம். `message_id` தனித்துவமான கீயாக இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. டேட்டாபேஸில் புக்கிங் கமிட் ஆகி, மெசேஜ் கியூவுக்குப் போகுமுன் சேர்வர் விழுந்தால் யாருக்கும் எந்த எரரும் தெரியாது. வெள்ளவத்தையில் பையோடு நிற்கும் பயணியின் கையில் டிக்கெட் மட்டும் இருக்காது. எனவே புக்கிங்கோடு சேர்த்தே ஒரு அவுட்பாக்ஸ் அட்டவணையில் மெசேஜை எழுதி, அங்கிருந்து கியூவுக்கு அனுப்ப வேண்டும். இது இல்லாமல் கியூவைத் தொடங்க நான் உடன்பட மாட்டேன்.

மற்றவை: ரத்துச் செய்தி உறுதிப்படுத்தலை முந்தி வரலாம். கோளாறான ஒரு மெசேஜ் திரும்பத் திரும்ப வந்து வொர்க்கரைப் பிடித்து வைத்திருக்கலாம். அதற்கு டெட் லெட்டர் கியூ. தளம் நன்றாக ஓடுவதுபோல் தெரிய, பின்னால் கியூ நீண்டுகொண்டே போகலாம். ஆகவே மிகப் பழைய மெசேஜின் வயதுக்கும் அலாரம் வேண்டும்.

செலவு என்று பார்த்தால், ஒரு நோட் விழுந்தாலும் தாங்க கோரம் கியூவுக்கு மூன்று நோட் தேவை. பில் டாலரில் வரும் என்பதை நிதிப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உண்மையான செலவு மனித நேரம்தான்: அவுட்பாக்ஸ், கண்காணிப்பு, அப்கிரேட், இரவில் அலாரம் அடித்தால் எழும்ப ஆள். ஒரு புக்கிங்குக்கு என்ன ஆனது என்று தேட இனி இரண்டு மூன்று இடங்களின் லாக்கைப் பார்க்க வேண்டிவரும், எனவே ஒவ்வொரு மெசேஜிலும் புக்கிங் இலக்கம் இருக்கட்டும்.

முதலில் எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் மட்டும் மாறட்டும். அது நிலையாக ஓடியபின் பஸ்காரர் அறிவிப்பு, கடைசியாகக் கணக்கு. பணம் திருப்பிக் கொடுப்பதைக் கியூவுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஆட்சேபனை இருந்தால் வருகிற புதன்கிழமைக்குள் எழுதுங்கள். ஓன்-கால் பார்ப்பவர்களின் பதில் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
நிரோஷன்