கரும்புள்ளி

செல்லம்மாள் விழித்துக்கொண்டபோது மணி மூன்று இருபது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய தூக்கம் பாதி இரவோடு முடிந்துவிடுகிறது. மகனும் மருமகளும் எழுந்திருக்க இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டு, ஊரில் இப்போது என்ன நேரம் என்று மனத்துக்குள் கணக்குப் போடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மூன்று இருபதோடு பத்தரையைக் கூட்டினால், அங்கே பிற்பகல் ஒன்று ஐம்பது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. குழந்தை வீட்டில்தான் இருப்பாள்.

அவள் தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

நான்கு மாதங்களுக்கு முன்பு அவள் கிளம்பிய இரவில் வாடகைக் கார் நள்ளிரவுக்குச் சற்று முன்னதாகவே வாசலுக்கு வந்துவிட்டது. ஐந்து வயதுப் பேத்தி, வழக்கம்போலப் பாட்டியின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சிறிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தபோது மகள் சொன்னாள், "எழுப்பாதே அம்மா, அழுது ஊரைக் கூட்டிவிடுவாள்." செல்லம்மாள் எழுப்பவில்லை. காலையில் குழந்தை ஒவ்வொரு அறையாகத் தேடியதையும், அலமாரியைக்கூடத் திறந்து பார்த்ததையும் மகள் பிறகு ஒரு நாள் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். செல்லம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் குழந்தை பேச மறுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் தன் கைபேசியில் வீடியோ அழைப்புப் போட்டுத் தாயின் கையில் கொடுப்பான்; திரையில் மகள் இருப்பாள், மருமகன் இருப்பார், காலியான நாற்காலி ஒன்றும் இருக்கும். குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "அது மாமாவுடைய போன், நான் வர மாட்டேன்" என்று கத்துவது மட்டும் கேட்கும். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனவர் மாமா என்பதால் அவர் சம்பந்தப்பட்ட எதையும் அவள் ஏற்பதாக இல்லை. அவள் வழக்கில் நியாயம் இருப்பதாகவே செல்லம்மாளுக்குத் தோன்றியது. வேறு வழியில்லாமல், "எனக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடு, நானே கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்று மகனிடம் கேட்டாள். தனக்கென்று ஒரு பொருளைக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை என்பதால் மகன் சற்று வியப்போடுதான் வாங்கிக் கொடுத்தான்.

முதல் முயற்சியில் நேரம் தவறிவிட்டது. இங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் அங்கும் ஏதோ ஒரு பகல்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் அவள் கூப்பிட, அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறியடித்து எழுந்த மருமகன், பாட்டி நலமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு மரியாதையோடு அழைப்பைத் துண்டித்தார்.

இரண்டாவது முறை திரை அவள் விரலை மதிக்கவில்லை. அங்கிருந்து மகள் கூப்பிட்டாள். பச்சை வட்டம் துள்ளிக்கொண்டே இருந்தது. செல்லம்மாள் அதைக் குத்தினாள், அழுத்தினாள், கடைசியில் அதட்டியும் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அதை அழுத்தக் கூடாது, மேல்நோக்கித் தள்ள வேண்டும் என்று மாலையில் வீடு திரும்பிய மகன் செய்து காட்டினான். விரல் மின்சாரத்தைக் கடத்துவதால்தான் கண்ணாடி அந்தத் தொடுகையை உணர்கிறது என்றும், விரலில் ஈரம் இருந்தால் அது எளிதாகும் என்றும், வயதானவர்களின் வறண்ட விரலை அது பலமுறை கண்டுகொள்வதே இல்லை என்றும் சொன்னான். நாற்பது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன விரல் அது. அன்றிலிருந்து கைபேசியைத் தொடும்முன் ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொள்வதை அவள் ஒரு நியமமாகவே வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை எல்லாம் கூடிவந்தது போலத்தான் இருந்தது. குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தயங்கித் தயங்கித் திரைக்கு அருகிலும் வந்துவிட்டாள். ஆனால் செல்லம்மாளின் கைபேசி பின்பக்கக் கேமராவைத் திறந்து வைத்திருந்தது. ஒலிவாங்கியின் மேல் ஒரு கோடு விழுந்திருந்தது. தன் முகம் தெரிகிறது என்று நம்பி அவள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு வெற்றுச் சுவரும் அதன் மௌனமும்தான். "பாட்டி இதில் இல்லை" என்று தாயிடம் சொல்லிவிட்டுக் குழந்தை திரும்பி நடந்தாள். மாதக்கணக்கில் பார்க்காதிருந்த அந்த முகம் முதுகாக மாறியதைச் செல்லம்மாள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவற்றையாவது தன் அறியாமை என்று எடுத்துக்கொள்ளலாம். நான்காவது தோல்விக்கு யாரைக் குறை சொல்வது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் குழந்தையை உட்கார வைக்கிறேன் என்று மகள் வாக்களித்திருந்தாள். எட்டு மணிக்குச் சரியாகவே அவள் கூப்பிட்டாள். அங்கோ குழந்தை ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். குளிர்காலம் நெருங்கும்போது இந்த நாட்டில் ஓர் இரவில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்களாம். ஒன்பதரையாக இருந்த வேறுபாடு அந்த இரவோடு பத்தரையாகிவிட்டதாம். நேரத்தைக்கூட நாற்காலிபோல இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஊரில் தான் எதை நம்பிக் கூப்பிடுவது என்று அவள் மகனிடம் கேட்டாள். அவனிடம் பதில் இல்லை. ஆனால் அன்று மாலை அவன் பொறுமையாக உட்கார்ந்து, கேமராவைத் திருப்பும் இடம், ஒலிவாங்கியின் கோட்டை எடுக்கும் விதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாக வரைந்து கொடுத்தான். திரையின் மேல்விளிம்பில் இருந்த ஒரு சிறு கரும்புள்ளியைக் காட்டி, "இதுதான் அம்மா அதன் கண். இதைப் பார்த்துப் பேசினால்தான் அவர்களைப் பார்ப்பதுபோல இருக்கும்" என்றும் சொன்னான்.

அந்தத் தாள் இப்போது அவள் மடியில் இருந்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. விரலைத் துடைத்தாள். மகளின் பெயரைத் தொட்டாள். கேமராவின் வடிவத்தைத் தொட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. இருட்டில் எழுந்து விளக்கைப் போட வேண்டும் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் திரை முழுவதும் ஒரு நெற்றி தெரிந்தது.

"அம்மா குளிக்கிறாள்" என்றது நெற்றி.

பிறகு அது பின்வாங்கி, கண்களாகவும் மூக்காகவும் மாறியது. செல்லம்மாளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான்கு மாதங்களாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தையின் தலைமுடியை வெட்டியிருந்தார்கள். கன்னம் சற்று ஒட்டியிருந்தது.

"நீ ஏன் பாட்டி கீழே பார்க்கிறாய்?"

"உன்னைத்தான் பார்க்கிறேன், கண்ணு."

"இல்லை. நீ தரையைப் பார்க்கிறாய். என்னைப் பார்."

அவள் இன்னும் கூர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். "நீ பார்க்கவே இல்லை" என்று குழந்தையின் குரல் கம்மியது. அப்போதுதான் மகன் காட்டிய புள்ளி நினைவுக்கு வந்தது. செல்லம்மாள் மனமில்லாமல் குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, மேல்விளிம்பில் கடுகளவு இருந்த அந்தக் கருமையின் மேல் வைத்தாள்.

"இப்போது பார்க்கிறாய்" என்றாள் குழந்தை, நிறைவோடு.

பேத்தியைப் பார்ப்பதாகப் பேத்திக்குத் தெரிய வேண்டுமானால் பேத்தியைப் பார்க்கக் கூடாது என்ற இந்த ஏற்பாடு அவளுக்குக் கொடுமையாக இருந்தது. ஆனாலும் அவள் புள்ளியை விட்டு விலகவில்லை. அதனால், அடுத்த கேள்வியைக் குழந்தை எந்த முகத்தோடு கேட்டாள் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

"ஏன் சொல்லாமல் போனாய்?"

"நீ தூங்கிக்கொண்டிருந்தாய்."

"எழுப்பியிருக்கலாம்."

"எழுப்பியிருக்கலாம்" என்று செல்லம்மாள் ஒப்புக்கொண்டாள். "நீ அழுவாய் என்று சொன்னார்கள். நீ அழுதால் நான் வண்டியில் ஏற மாட்டேன் என்று எனக்கும் பயமாக இருந்தது. எழுப்பாமல் வந்தது தப்புதான்."

அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை; கண்ணைக் கீழே இறக்கினாள். குழந்தையின் முகம் பாதி திறந்த வாயோடு அசைவற்று நின்றிருந்தது. இணைப்புதான் சிக்கிக்கொண்டதா, குழந்தைதான் அப்படியே உறைந்து நிற்கிறாளா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. இன்னொரு தோல்வி என்று எண்ணி அவள் கை நடுங்கத் தொடங்கிய கணத்தில் படம் ஒரு குலுக்கலோடு உயிர்பெற்றது. குழந்தை உதட்டைப் பிதுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பல் இருந்த இடத்தில் ஒரு சிவந்த பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரிகிறதா? நேற்று விழுந்தது. மாமாவிடம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அதன்பின் பேச்சுக்குக் குறைவே இல்லை. விழுந்த பல் எங்கே இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, யாரோடு சண்டை, யாரோடு மீண்டும் பழம் என்பதையெல்லாம் குழந்தை ஒரே மூச்சில் சொன்னாள். கைபேசி கட்டிலுக்கு இடம் மாறியது. கூரை தெரிந்தது, காது தெரிந்தது, கடைசியில் தலையணையில் சாய்ந்த முகம் தெரிந்தது. வார்த்தைகளுக்கு இடையில் கொட்டாவி விழத் தொடங்கியது. செல்லம்மாள் ஒரு நரியின் கதையைச் சொல்லத் தொடங்கி அதைப் பாதிக்காட்டில் கொண்டுபோய் நிறுத்தியபோது, மூடிய கண்களோடு குழந்தை முணுமுணுத்தாள், "போகும்போது சொல்லிவிட்டுப் போ."

"சொல்லிவிட்டுத்தான் போவேன்."

சிறிது நேரம் கழித்து, ஈரத்தலையைத் துவட்டியபடி மகள் திரைக்குள் எட்டிப் பார்த்தாள். இந்த நேரத்தில் தாயை அங்கே கண்டதும் முதலில் திடுக்கிட்டு, பிறகு தூங்கும் மகளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்படி அம்மா, நீயே..." என்று தொடங்கியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தூங்கிவிட்டாள், பார். நீயும் போய்ப் படு. நான் வைத்துவிடுகிறேன்" என்றாள்.

"வைக்காதே."

"ஒரு மணி நேரமாவது தூங்குவாள், அம்மா."

"தூங்கட்டும்" என்றாள் செல்லம்மாள். "அந்தப் போனை மட்டும் விழாமல் எதன்மீதாவது சாய்த்து வைத்துவிட்டுப் போ."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், இரண்டு புத்தகங்களை அடுக்கிக் கைபேசியை அதில் சாய்த்துவிட்டு நகர்ந்தாள். மின்கலத்தில் பதினொரு விழுக்காடுதான் இருப்பதாகத் திரை எச்சரித்தது. மின்னேற்றியின் கம்பி கட்டில்வரை எட்டவில்லை. செல்லம்மாள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால்களைக் கையால் பிடித்தபடி மெல்ல இறங்கி, சுவரோரம் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து கம்பியைச் செருகினாள். குழந்தையின் கண்கள் மூடியிருந்தன. இனிப் புள்ளியைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவள் கைபேசியை மடியில் நிமிர்த்தி வைத்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.