கானாடுகாத்தான் பொது வீடு: ஆவணங்களைப் பாதுகாக்கக் கோரும் அறிவிப்பும் கட்சிக்காரருக்குக் கடிதமும்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
காரைக்குடி, 09.06.2025

பெறுநர்:
திரு. ராமனாதன் அவர்கள்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பொருள்: பொது வீட்டுச் சாமான்கள் அகற்றப்பட்டது தொடர்பான ஆவணங்களையும் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கக் கோருதல்.

ஐயா,

தங்கள் பங்காளி வீட்டைச் சேர்ந்த, சென்னையில் வசிக்கும் திருமதி மீனாட்சி ஆச்சியின் சார்பில் இதை எழுதுகிறேன். நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான மேற்படி வீட்டில் என் கட்சிக்காரருக்கு நாலில் ஒரு பங்கு உண்டு. சாவியும் அன்றாடப் பராமரிப்பும் தங்கள் பொறுப்பில் இருந்து வருகின்றன.

11.05.2025 ஞாயிறு காலை பின்கட்டு வாசலில் லாரி நிறுத்தி, இரண்டாம் கட்டு நிலைக்கதவு இரண்டு, வளவுத் தாழ்வாரத்தின் பர்மாத் தேக்குத் தூண்கள் நான்கு, பட்டாலைக் கண்ணாடிகள், மரவைகள் ஆகியவற்றை ஏற்றி அனுப்பியதாக என் கட்சிக்காரருக்குத் தெரியவந்துள்ளது. தூண் இருந்த இடத்தில் செங்கல் தூண் கட்டிப் பூசப்பட்டிருக்கிறது. மற்ற பங்காளிகளின் சம்மதம் வாங்கப்படவில்லை என்பது என் கட்சிக்காரரின் நிலைப்பாடு. தங்களிடம் இதற்கு வேறு விளக்கம் இருக்கலாம். அதற்கு இந்த அறிவிப்பு தடையல்ல. பேசித் தீராவிட்டால் தேவகோட்டை சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டிவரும். அப்போது இரு தரப்பும் காட்ட வேண்டியவை இன்றைய நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் ஒரே கோரிக்கை.

முதலில் அவசரமானது. முகப்பில் பொதுச் செலவில் 2022-இல் மாட்டிய கேமராவின் பதிவுக் கருவி தங்களிடம் உள்ளது. அதன் வட்டு நிறைந்ததும் பழைய காட்சியின் மேல் புதிய காட்சி தானாகவே ஏறிக்கொள்ளும். மே 11-ஆம் தேதிக் காட்சி இன்னும் இருக்கிறதா என்பதே நாளுக்கு நாள் சந்தேகமாகிக்கொண்டு வருகிறது. ஆகவே இக்கடிதம் கிடைத்த அன்றே கருவியின் பதிவை நிறுத்தி, வட்டைக் கழற்றி, வேறு வட்டு போட்டுக்கொள்ளுங்கள். புது வட்டுக்கான செலவை என் கட்சிக்காரர் தருவார். பழைய வட்டை யாரும் திறந்து பார்க்கவோ 'ஃபார்மேட்' செய்யவோ வேண்டாம். காட்சி ஏற்கெனவே அழிந்திருந்தால் அதையும் அப்படியே எழுதித் தெரிவியுங்கள்.

அடுத்து, சாமான்களை வாங்கியவரோடும் தரகரோடும் நடந்த பேச்சு: வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், விலை பேசியபோது அனுப்பிய படங்கள், முன்பணச் சீட்டு, வங்கி மற்றும் யு.பி.ஐ. வரவுகள், லாரி வாடகை ரசீது, ஈ-வே பில் எடுத்திருந்தால் அதன் நகல், கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கொடுத்த கூலிக் கணக்கு. 'பங்காளிகள்' வாட்ஸ்அப் குழுவில் மறையும் செய்திகள் அமைப்பு போடப்பட்டிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நிறுத்துமுன் வந்த செய்திகள் தம் கெடு முடிந்ததும் போய்விடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே ஏற்றுமதி செய்து வையுங்கள். கைபேசியை மாற்றவோ விற்கவோ நேர்ந்தாலும் பழையதை விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, பெட்டகத்தில் இருக்கும் தாள்கள். நான்கு பங்காளிகளும் கையெழுத்திட்ட 1987-ஆம் வருடச் சாமான் சிட்டையின் மூலப் பிரதி, பராமரிப்புக் கணக்கு நோட்டுகள், வரி ரசீதுகள், பழைய புகைப்படங்கள். சிட்டை மூலத்தில் புதிதாக எதையும் எழுதவோ அடிக்கவோ வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் சாமான்களையும், கழற்றிய இடங்களையும் உள்ளது உள்ளபடி விட்டுவையுங்கள், அவையும் சாட்சியம்தான்.

ஒருவர் தன்னிடமிருந்து கொண்டுவரக்கூடிய சாட்சியத்தைக் கொண்டுவராமல் வைத்துக்கொண்டால், அது அவருக்கு எதிரானது என்று நீதிமன்றம் ஊகிக்க பாரதிய சாட்சிய அதிநியம், 2023-இன் 119-ஆம் பிரிவு இடமளிக்கிறது. நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய ஆவணத்தை, மின்னணுப் பதிவு உட்பட, காட்ட முடியாதபடி செய்யும் நோக்கத்தோடு அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-ஆம் பிரிவின்படி குற்றம். இதைச் சொல்வது மிரட்டலுக்காக அல்ல. பின்னால் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக.

15.06.2025-க்குள் கேமரா வட்டைப் பற்றியும், 24.06.2025-க்குள் மற்றவை பற்றியும் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். தங்களுக்கு வழக்கறிஞர் இருந்தால் இக்கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
க. செந்தில்வேல், வழக்கறிஞர்
மீனாட்சி ஆச்சிக்காக

---

காரைக்குடி, 09.06.2025
நமக்குள் மட்டும்

அன்புள்ள மீனாட்சி ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். ராமனாதனுக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. அவரிடம் எதைக் கேட்டிருக்கிறோமோ, அது அத்தனையும் நமக்கும் பொருந்தும். அவர் செய்திகளை அழித்துவிட்டார் என்று நாம் கோர்ட்டில் சொல்லும்போது, அவருடைய வக்கீல் உங்கள் போனைத்தான் முதலில் கேட்பார்.

போனில் வந்த சாமான் படங்கள், குழுச் செய்திகள், அண்டை வீட்டுக்காரர் அனுப்பிய லாரிப் படம், அவர் பேசிய குரல் பதிவு, ராமனாதனோடு பேசிய அழைப்புப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். போன் நிறைந்துவிட்டது என்று பேரன் சுத்தம் செய்து கொடுப்பதாகச் சொன்னால், சரி, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கும் யோசனை இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். லாரிப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக எனக்கு அனுப்ப வேண்டாம். படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் உள்ளிட்ட விவரங்களும் போய்விடும். அண்டை வீட்டுக்காரரின் போனிலேயே மூலப் படம் இருக்கட்டும். அதை எடுத்தவர் அவர் என்பதால், மின்னணுப் பதிவோடு சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றுக்கும் அவர் வேண்டும். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இனி நீங்கள் விரும்பாத ஒன்று. போன வருடம் தீபாவளி சமயத்தில் குழுவில், 'பழசெல்லாம் செல்லரிக்குது, வித்தாலும் சரிதான்' என்று நீங்கள் போட்ட செய்தியை உங்கள் மகன் காட்டினார். அது நமக்கு உதவாதுதான். ஆனாலும் அது இருந்தே ஆக வேண்டும். மற்ற பங்காளிகள் போனிலும் அது இருக்கும். நீங்கள் அழித்தால் செய்தியைவிட அழித்ததுதான் பெரிய விஷயமாகிவிடும். மரவையைப் பற்றிச் சொன்னீர்களா, தூணைப் பற்றியா, யாருடைய பங்கைப் பற்றி என்பதை நான் வாதத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

சிட்டையின் உங்கள் நகலை லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பேனாவால் கோடு போடாதீர்கள். ஈரம் படாத அலமாரியில், தனிக் கவரில் வைத்தால் போதும். மாமா எழுதி வைத்த கணக்கு நோட்டும், பாகப் பேச்சுக் கடிதங்களும் அதோடு இருக்கட்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கும் இதே விதிதான். அவருடைய மின்னஞ்சல்களும் இதில் சேரும். அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

வீட்டுக் காவலாளியிடம் பணம் கொடுத்து, பெட்டகத்திலிருந்து மூலச் சிட்டையை எடுத்து வரச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அது வீட்டில் இருப்பதுதான் நமக்கு நல்லது. தேவைப்பட்டால் வழக்குப் போட்டதும் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பட்டியலிட வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கச் சொல்லி மனுப் போடுவோம்.

இந்த விஷயத்தைப் பங்காளிகள் குழுவில் எழுதாதீர்கள். இக்கடிதத்தையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ள பேச்சை சாட்சிய அதிநியம் 132-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் நீங்களே குழுவில் போட்டுவிட்டால் அந்தக் காவலைச் சொல்லி மறைப்பது கடினம். ராமனாதன் போனில் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொண்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

வழக்கு இல்லாமல் முடிந்தாலும், முடிந்தது என்று நான் எழுதும்வரை எதையும் அழிக்கக் கூடாது என்ற இந்த விதி அமலில் இருக்கும். படித்துவிட்டு நாளை மாலைக்குள் போன் செய்யுங்கள். மறையும் செய்திகள் அமைப்பை அன்றைக்கே பேசிக்கொண்டே நிறுத்திவிடலாம்.

தங்கள்,
க. செந்தில்வேல்