கிரைண்டர் சத்தம்: நீ எழுதியதும் நான் குறைத்ததும்

தம்பி,

ராத்திரி நீ அனுப்பியதை இரண்டு முறை படித்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாயே, அது நல்லதாகப் போயிற்று. நீ எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே போடுகிறேன். இப்போது கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும், நீயே இன்னொரு முறை படி.

"அக்கா, இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியாது. விடியற்காலை நாலு மணிக்கு கிரைண்டரைப் போட்டால் பக்கத்து வீட்டில் யாரும் தூங்க முடியாது என்று உங்களுக்குத் தெரியாதா? பொங்கலிலிருந்து இதே கதைதான். எங்க அம்மாவுக்கு பிரஷரும் இருக்கு, சுகரும் இருக்கு. அந்தச் சத்தத்தில் எழுந்தால் அப்புறம் அவங்களுக்குத் தூக்கமே கிடையாது. என் வீட்டுக்காரி டியூட்டி முடித்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வந்து படுக்கிறாள். இந்தக் கத்திரி வெயிலில் ஜன்னலைத் திறந்து வைக்காமல் யாரால் படுக்க முடியும்? திறந்தால் உங்க கிரைண்டர், மூடினால் புழுக்கம். போன வருஷம் மாடியில் ஷீட் போடும்போதும் இப்படித்தான், நாள் முழுக்கத் தட்டல். உங்க பையன் பைக்கை எங்க கேட் முன்னாலேயே நிறுத்துகிறான். தண்ணீர் விடும் நாளில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறீர்கள், எங்க குழாயில் சொட்டுதான் வருகிறது. எதற்காவது வாய் திறந்திருக்கிறோமா? வீட்டுக் கரண்டில் மாவு வியாபாரம் செய்வது இ.பி.க்குத் தெரியுமா? ஒரு போன் போட்டால் போதும். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபெலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது என்று 2000-லேயே விதி போட்டுவிட்டார்கள். என் போனில் அளந்து பார்த்தேன், அதைத் தாண்டித்தான் போகிறது. கொஞ்சமாவது மனசாட்சி இருந்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம்."

உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். போன மாதம் சத்துவாச்சாரிக்கு வந்தபோது அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தேன். நாலு மணிக்கு அது ஓட ஆரம்பித்ததும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணு என்றன. அம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு உன்னைப் பொறுத்துப் போ என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் இவ்வளவு எழுதினாயே, அந்த அக்கா என்ன செய்ய வேண்டும் என்று எங்காவது சொன்னாயா? "நிறுத்துங்கள்" என்று ஒரே ஒரு வார்த்தை. எதை நிறுத்துவது? மாவு அரைப்பதையா? அந்த மாவில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தால் பைக்குக்கு ஒரு பதில், மோட்டாருக்கு ஒரு பதில் என்று வரிசையாகச் சொல்வார்கள். கிரைண்டர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதனால் முதலில் பைக், தண்ணீர், மாடி ஷீட் மூன்றையும் எடுத்துவிட்டேன். பைக் விஷயத்தைப் பையனிடமே நேரில் சொல்லிக்கொள், அவன் நல்ல பிள்ளைதான். மாடி வேலை முடிந்துபோன கதை.

இ.பி. வரியைப் படித்தபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. அது சத்தத்தைப் பற்றிய பேச்சே இல்லை, வயிற்றில் அடிப்பேன் என்கிற பேச்சு. ஒரு முறை எழுத்தில் போய்விட்டால் பிறகு நீ எவ்வளவு நல்லதாகப் பேசினாலும் அவர்கள் மனதில் அதுதான் நிற்கும். நாளைக்கே இ.பி.யிலிருந்து யாராவது வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்தாலும் பழி உன் மேல்தான் விழும். மனசாட்சி, ஸ்டேஷன் இரண்டும் அதோடு போயிற்று.

நீ சொன்ன விதி சரிதான். ராத்திரி 45, பகலில் 55 என்று குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தும் நடக்காமல் புகார் எழுதும் நிலை வந்தால் அதை அங்கே போடலாம். சுவர் தாண்டிக் கொடுக்கிற சீட்டில் அது எதற்கு? போனில் அளந்த கணக்கும் அதே மாதிரிதான், போனுக்குப் போன் மாறும்.

அதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் வீட்டுக்கு வருவதில் பாதி காற்றில் வருகிற சத்தமே இல்லை. அந்தப் பெரிய கிரைண்டர் இரும்பு ஸ்டாண்டோடு பொதுச் சுவரை ஒட்டி நிற்கிறது. கல் சுற்றும்போது வரும் அதிர்வு தரையிலும் சுவரிலும் இறங்கி அம்மா படுக்கிற அறைக்கு வந்துவிடுகிறது. தட்டு ஆடியது அதனால்தான். நீ ஜன்னலை மூடினாலும் அது நிற்காது. இடத்தை மாற்றி, அடியில் ரப்பர் போட்டால்தான் குறையும்.

ஆறு மணிக்கு மேல் அரைக்கச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். டிபன் கடைக்காரர்கள் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து மாவு வாங்கிப் போகிறார்கள், நானே பார்த்தேன். முந்தின நாள் சாயந்திரமே அரைத்து வைக்கலாமே என்றால், வேலூர் வெயிலில் விடிவதற்குள் பொங்கிப் புளித்துவிடும். நேரத்தை மாற்றச் சொல்வதும் கடையை மூடச் சொல்வதும் அவர்களுக்கு ஒன்றுதான். முடியாததைக் கேட்டால் முடியாது என்ற பதில்தான் வரும். இடம் மாற்றுவது முடிகிற காரியம். பின்பக்க வராண்டாவில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, பழைய வாஷிங் மெஷின் அங்கேதானே இருந்தது?

அம்மாவைப் பற்றி ஒரு வரி முதலில் வைத்திருந்தேன். அப்புறம் அதையும் எடுத்துவிட்டேன். சாயந்திரம் வாசலில் உட்கார்ந்து பேசும்போது அம்மாவே தன் தூக்கத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுத்தில் மறுபடி சொன்னால் குத்திக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். அந்தக் கல்லை ஒரு பெண்பிள்ளை தனியாக நகர்த்த முடியாது என்பதால் உன்னைக் கேட்காமல் ஒரு வாக்கு மட்டும் சேர்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, போய்ப் பிடித்துக் கொடு.

வாட்ஸ்அப்பில் போடாதே, பையன்தான் முதலில் படிப்பான். ஒரு தாளில் எழுதி, மாவு விற்று முடிந்த பிறகு, பத்து மணி வாக்கில் கையில் கொடு. இவ்வளவுதான் எழுத வேண்டும்:

அக்கா, வணக்கம்.

விடியற்காலையில் ஓடும் கிரைண்டர் நம் பொதுச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதைப் பின்பக்க வராண்டாவுக்கு மாற்றி, அடியில் கனமான ரப்பர் ஷீட் போட முடியுமா? தூக்கி வைக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி