ஜூன் 2 முதல் புதுப்பிப்பு வேலை: வழக்கமாக வரும் உங்களுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம்

அன்புள்ள விருந்தினருக்கு,

வணக்கம்.

எங்கள் விடுதியில் ஜூன் 2 முதல் செப்டம்பர் 5 வரை புதுப்பிப்பு வேலை நடக்கப்போகிறது. இடையில் மூன்று நாள் தவிர விடுதியை மூடவில்லை. ஆனால் நீங்கள் பழகிய விடுதியாக அந்த மூன்று மாதமும் அது இருக்காது. அதனால்தான் பொது அறிவிப்பு போடுவதற்கு முன் பலமுறை வந்து தங்கிய உங்களுக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு, வரலாமா, தேதியை மாற்றலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேலைக்குக் காரணம் உங்களுக்கே தெரியும். குழாயைத் திறந்தால் வெந்நீர் வர ஐந்தாறு நிமிடம் ஆகிறது, ஷவரில் தண்ணீர் நூலாக விழுகிறது என்று கருத்துப் புத்தகத்தில் எத்தனையோ பேர் எழுதிவிட்டீர்கள். சுவருக்குள் போகும் இரும்புக் குழாய்கள் கட்டடம் கட்டிய நாளில் போட்டவை. உள்ளே துருவும் உப்பும் படிந்து துளை பாதியாகச் சுருங்கிவிட்டது. இத்தனை நாள் ஒட்டுப்போட்டே ஓட்டினோம். இனி முடியாது. எல்லாக் குளியலறைகளையும் உடைத்து, குழாய்களை மாற்றி, தரையை மறுபடி போடுகிறோம்.

குழாய்கள் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் இறங்குவதால் மாடி மாடியாக வேலை செய்ய வழியில்லை. 408-ஐத் தொட்டால் 308, 208, 108 எல்லாவற்றிலும் தண்ணீரை நிறுத்த வேண்டும். எனவே விடுதியைச் செங்குத்தாக இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஜூன் 2 முதல் ஜூலை 20 வரை நான்கு மாடிகளிலும் 08 முதல் 14 வரையிலான அறைகள் மூடப்படும். ஜூலை 24 முதல் செப்டம்பர் 5 வரை 01 முதல் 07 வரை. இரண்டு கட்டங்களிலும் 28 அறைகள் திறந்திருக்கும். இடையில் ஜூலை 21, 22, 23 மூன்று நாட்களும் முதன்மைக் குழாயை மாற்றுவதால் விடுதிக்கு மொத்தமாக விடுமுறை.

இனி சத்தத்துக்கு வருகிறேன். “சிறிது இடையூறு இருக்கலாம்” என்று எழுதுவதுதான் வழக்கம். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரலில் 310-இன் குளியலறையை மட்டும் முன்னோட்டமாக உடைத்துப் பார்த்தோம். அந்த நேரத்தில் நான் ஒவ்வோர் அறையாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். நேர் கீழே 210-இல் மேசைமேல் வைத்த டம்ளருக்குள் கரண்டி கிணுகிணுவென்று ஆடியது. போனில் பேச முடியவில்லை. 306-இல் கதவைச் சாத்தினால் பேசலாம், தூங்க முடியாது. மறுகோடியில் 301-இல் எங்கோ மரங்கொத்தி கொத்துவதுபோல் கேட்டது. புத்தகம் படித்தேன், பிரச்சினை இல்லை. கான்கிரீட்டைக் குடையும் சத்தம் காற்றில் மட்டும் வருவதில்லை, தளத்தின் வழியாகவும் சுவரின் வழியாகவும் அதிர்வாக ஓடி வருகிறது. எனவே காதில் பஞ்சு வைத்தாலும் முழுக்க அடங்காது. ரிசப்ஷனில் காதடைப்பான் வைத்திருப்போம், ஆனால் அதை நம்பி வராதீர்கள்.

உடைக்கும் வேலை காலை 10 முதல் 1 வரையும், மதியம் 2.30 முதல் 5.30 வரையும்தான். ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் கிடையாது. உடைக்கும் மோசமான நாட்கள் இரண்டு கட்டங்களிலும் தொடக்கத்தில் வரும்: ஜூன் 2 முதல் 18 வரை, ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 9 வரை. அதற்கப்புறம் சத்தம் நன்றாகக் குறையும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, ஒவ்வொரு குளியலறையிலும் 48 மணி நேரம் தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழ் அறையின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதில் சத்தமே இல்லை, நாட்கள்தான் போகும். டைல்ஸ் வெட்டும் மெஷினைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றச் சொல்லிவிட்டோம்.

இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், அறையிலிருந்தே நாள் முழுக்க வீடியோ கூட்டங்களில் இருக்க வேண்டியவர்கள் உடைக்கும் நாட்களில் வர வேண்டாம் என்பேன். காலையில் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் திரும்புபவர்களுக்கு அவ்வளவாகத் தொந்தரவு இருக்காது.

நீச்சல் குளம் செப்டம்பர் 5 வரை முழுக்க மூடியிருக்கும். மொட்டைமாடியும் அப்படியே. உணவகத்தை ஜூலை 5 வரை மூடுகிறோம். காலை உணவு முதல் மாடிக் கூட்ட அரங்கில் கிடைக்கும், இரவு உணவு அறைக்கு வரும், ஆனால் பட்டியல் சிறியது. மதிய உணவு இல்லை. உடற்பயிற்சிக் கூடம் திறந்துதான் இருக்கும், காலை 10 மணிக்கு முன் போய்விட்டு வாருங்கள். இரண்டு லிஃப்டில் ஒன்று வேலைக்குப் போய்விடும். நான்காம் மாடி கேட்பவர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களுக்கு லிஃப்ட் பக்கத்திலேயே 105 ஜூலை 20 வரை கிடைக்கும், அதற்குப் பிறகு 108. முன்வாசல் சாய்தளம் எப்போதும் திறந்திருக்கும். வேலை நாட்களில் 11 முதல் 1 வரை தண்ணீர் வேகம் குறையும், அதற்கு முன்பே குளித்துவிடுவது நல்லது.

கட்டண விஷயம். உடைக்கும் நாட்களில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 40 சதவீதம் தள்ளுபடி, மற்ற நாட்களில் 20 சதவீதம். குறியீடு எதுவும் கேட்க மாட்டோம், பில்லில் தானாகவே குறையும். ஏற்கெனவே முழுப் பணம் கட்டி முன்பதிவு செய்தவர்களுக்கும் இது உண்டு, வித்தியாசத்தை அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தருவோம். தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ கட்டணமில்லை, வருவதற்கு முதல் நாள் மாலைவரை சொன்னால் போதும். வேறு தளங்களின் வழியாக முன்பதிவு செய்திருந்தாலும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், அவர்களிடம் நாங்களே பேசுகிறோம். ஜூலை 21 முதல் 23 வரையிலான இரவுகளுக்கு முன்பதிவு வைத்திருப்பவர்களை இந்த வாரமே தனித்தனியாக அழைப்போம். வந்து ஓர் இரவு தங்கிப் பார்த்து, ‘சரிப்படவில்லை’ என்று தோன்றினால் கிளம்பிவிடலாம். தங்காத இரவுகளுக்குப் பணம் வாங்க மாட்டோம். அதற்காக யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

வேலை முடிந்த பின், இந்த மாதங்களில் வந்தவர்களுக்கும் தேதியைத் தள்ளிப் போட்டவர்களுக்கும் டிசம்பர் 31 வரை 15 சதவீதம் குறைவு. மற்றவர்களுக்கும் அதுவரை கட்டணத்தை ஏற்ற மாட்டோம்.

“எனக்கு 312-தான் வேண்டும்” என்று கேட்பவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். ஜூலை 24-க்குப் பிறகு அதே அறையைத் தருவோம், ஜன்னலோர மரப் பலகையை எடுக்கவில்லை. பச்சை டைல்ஸ் மட்டும் போகிறது. அதை விரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும், அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தேதியையும், பகலில் அறையில் இருப்பீர்களா என்பதையும் இந்தக் கடிதத்துக்கே பதிலாக எழுதுங்கள். திறந்திருப்பதில் சத்தத்துக்கு மிகத் தள்ளியிருக்கும் அறையாகப் பார்த்து ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
பொது மேலாளர்